நேர்காணலா, சர்வேயா? முதலில் பட்டியல் எங்கே என்று பாருங்கள்

சமூகவியல், பொருளியல், சமூகப்பணி படிக்கும் இளங்கலை மாணவர்கள் ஆறாம் பருவத்தில் செய்யும் புராஜெக்டுகளில், 'கிராமப்புற மாணவர்கள் படிப்புக்காக நகரங்களுக்கு இடம்பெயர்தல்' என்ற தலைப்பு ஆண்டு தவறாமல் வந்துகொண்டே இருக்கும். கைடாக இருந்தும், எக்ஸ்டர்னலாகப் பிற கல்லூரிகளுக்குப் போயும் பல பத்தாண்டுகளாக இந்த ஆய்வேடுகளைப் படித்துவருகிறேன். தலைப்பு மாறவில்லை, முறையைத் தேர்ந்தெடுக்கும் விதமும் மாறவில்லை. 'அறுபது பேரிடம் சர்வே எடுத்தால் அட்டவணை போடலாம், அட்டவணை இருந்தால் வைவாவில் தப்பித்துக்கொள்ளலாம்' என்பது ஒரு கணக்கு. 'சர்வே என்றால் எஸ்.பி.எஸ்.எஸ். தெரியவேண்டும், அதற்குப் பத்துப் பேரிடம் பேசிவிட்டு எழுதிவிடலாம்' என்பது இன்னொரு கணக்கு. இரண்டுமே பயத்தில் பிறந்த முடிவுகள். எந்த முறை எளிது என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்களே தவிர, முடிவுரையில் என்ன வாக்கியம் எழுதப்போகிறோம், அதை எழுதும் உரிமையை எந்த முறை தரும் என்று யாரும் கேட்பதில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். மாணவர் இடப்பெயர்வு போன்ற ஒரு பொருளில், சர்வே எடுக்கலாமா என்பதை முடிவுசெய்வது நேரமோ கணிதத் திறமையோ அல்ல. பட்டியல் ஒன்று இருக்கிறதா என்பதுதான். யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர்கள் எல்லாருடைய பெயரும் அடங்கிய பட்டியல். அது கையில் இருந்தால் சர்வே பொருள் தரும். இல்லையென்றால் நேர்காணல்தான் நேர்மையான வழி. அந்தப் பட்டியலைப் பெரும்பாலான குழுக்கள் தப்பான இடத்தில், அதாவது நகரத்தில் தேடுகின்றன என்பதும் இதோடு சேர்ந்த விஷயம்.

பேச வசதியாக ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். சென்னையில் ஒரு கல்லூரி. மூன்று மாணவர்கள் கொண்ட குழு. கையில் இருப்பது ஒரு பருவம், அதாவது பதினைந்து வாரம். அதிலும் இன்டர்னல் தேர்வு, பொங்கல் விடுமுறை எல்லாம் போக உண்மையில் பத்து வாரம். அரியலூர் மாவட்டத்திலிருந்து மாணவர்கள் ஏன் சென்னைக்குப் படிக்க வருகிறார்கள் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. வழக்கமாக இது எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். எவரெட் லீ 1966-இல் எழுதிய கட்டுரையிலிருந்து தள்ளும் காரணிகள், இழுக்கும் காரணிகள் என்று ஒரு வரைவு எடுப்பார்கள். அதிலிருந்து இருபது வாக்கியங்கள் செய்வார்கள். 'நகரத்தில் கல்வி வசதி சிறப்பாக உள்ளது', 'என் ஊரில் வேலைவாய்ப்பு குறைவு' என்ற மாதிரி. ஒவ்வொன்றுக்கும் எதிரே முழுமையாக ஏற்கிறேன் என்பதில் தொடங்கி ஐந்து கட்டங்கள். கூகுள் ஃபார்மில் ஏற்றி, வாட்ஸ்ஆப் குழுக்களில் போட்டுவிடுவார்கள். வாரக் கடைசியில் அறுபதோ எழுபதோ பதில் வந்துவிடும். கல்வி வசதிக்கு ஐந்துக்கு நாலேகால் சராசரி வரும். வராமல் எப்படி இருக்கும்? சென்னையில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒருவரிடம் சென்னையில் கல்வி வசதி சிறப்பா என்று கேட்டால், இல்லை என்று யார் சொல்வார்? கேள்வி தன் பதிலைத் தானே எழுதிக்கொள்கிறது.

கூகுள் ஃபார்ம் வருவதற்கு முன்பு வினாநிரலை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு விடுதி விடுதியாகப் போவார்கள். அந்த முறையிலும் குறை உண்டு, ஆனால் ஒரு நன்மை இருந்தது. நிரப்புகிறவரின் முகம் தெரியும். கேள்வி புரியாமல் அவர் பேனாவைத் தூக்கி வைத்துக்கொண்டு யோசிப்பது தெரியும். எத்தனை பேர் மறுத்தார்கள் என்பதும் தெரியும். இப்போது மறுத்தவர்கள் யார் என்றே தெரியாது. குழுவில் இருநூறு பேர், பதில் சொன்னது அறுபது பேர் என்றால், மீதி நூற்று நாற்பது பேர் பார்க்கவில்லையா, பார்த்தும் விட்டுவிட்டார்களா, அரியலூர்க்காரர்களே இல்லையா? இது தெரியாத ஆய்வில் விழுக்காடு போடுவதற்கு அடிப்படையே இல்லை. ஃபார்மோடு சேர்ந்து வரும் விரிதாளில் ஒவ்வொரு பதிலும் வந்த நேரம் இருக்கும். அதைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். இரவு பத்து மணிக்குமேல் கால் மணி நேரத்துக்குள் இருபது பதில் வந்திருந்தால், ஒரே விடுதியின் ஒரே தளத்தில் போன் கைமாறியிருக்கிறது. இருபது வாக்கியங்களுக்கும் ஒருவர் நாலாவது கட்டத்தையே தொட்டிருந்தால் அவர் படிக்கவே இல்லை. முன்னுக்குப் பின் முரணாக இரண்டு வாக்கியங்களை வேண்டுமென்றே வைத்து, இரண்டையும் ஏற்பவர்கள் எத்தனை பேர் என்று பார்ப்பது பழைய உத்தி. இன்றும் அது வேலை செய்கிறது.

இந்த இடத்தில் ஒரு சூத்திரம் வந்து நிற்கும். டாரோ யமானேயின் சூத்திரம். மொத்த எண்ணிக்கையை, ஒன்றோடு அதே எண்ணிக்கையைப் பிழை அளவின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டிய தொகையால் வகுக்கவேண்டும். மொத்தம் 3000 பேர், பிழை ஐந்து விழுக்காடு என்றால் 353 என்று விடை வரும். இந்த 353-ஐ எழுதிவிட்டு, அதற்கு அடுத்த வரியிலேயே 'நேரமின்மை காரணமாக 60 பேரிடம் மட்டும் தகவல் திரட்டப்பட்டது' என்று எழுதிய ஆய்வேடுகள் ஏராளம். அந்த முரண்பாட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய கோளாறு வேறு. அந்தச் சூத்திரம் எத்தனை பேர் என்று சொல்லும். யார் என்று சொல்லாது. 3000 பெயர் உள்ள பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் 353 பேரை எடுத்தால்தான் அந்த ஐந்து விழுக்காட்டுக்குப் பொருள். குலுக்கி எடுத்த 60 பேராகவே இருந்தாலும், பாதிப் பேர் 'ஆம்' என்று சொன்ன ஒரு பதிலில் பிழை இருபக்கமும் ஏறத்தாழ 13 புள்ளி. 50 விழுக்காடு என்று எழுதியது 37 ஆகவும் இருக்கலாம், 63 ஆகவும் இருக்கலாம். அதை ஆண், பெண் என்று முப்பது முப்பதாகப் பிரித்தால் பிழை 18 புள்ளிக்குப் போகும். குலுக்காமல் நண்பர்களுக்கு அனுப்பி வாங்கியதில் பிழை எவ்வளவு என்று கணக்கிடவே வழியில்லை. 353 பேரையும் நண்பர்களிடமிருந்தே பிடித்தாலும் நிலைமை மாறாது. அமெரிக்காவில் 1936 அதிபர் தேர்தலின்போது லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட அஞ்சல் பதில்களை வாங்கி, ரூஸ்வெல்ட் தோற்பார் என்று சொல்லி மண்ணைக் கவ்வியது. டெலிபோனும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களை நம்பி அட்டை அனுப்பியதும், அதைப் பெற்றவர்களில் ஒரு பகுதியினரே பதில் எழுதியதும் சேர்ந்து அந்தக் கணிப்பைக் கவிழ்த்தன.

சரி, சென்னையில் படிக்கும் அரியலூர் மாணவர்களுக்குப் பட்டியல் உண்டா? கிடையாது. கல்லூரிகள் முகவரியை வைத்திருக்கும், ஆனால் தராது. தராமல் இருப்பதும் சரிதான். அதற்கும் முன்னால், சென்னை என்றால் எது என்ற கேள்வி இருக்கிறது. ஓஎம்ஆர் சாலையிலும் தாம்பரத்துக்குத் தெற்கிலும் உள்ள கல்லூரிகள் பல செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கின்றன; மேற்கே போனால் திருவள்ளூர், காஞ்சிபுரம். படிப்பவர் 'சென்னையில் படிக்கிறேன்' என்பார். மாவட்டவாரி அட்டவணை அவரைச் சென்னையில் சேர்க்காது. செங்கல்பட்டு தனி மாவட்டமானதே 2019-இல்தான் என்பதால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு ஒப்பிடவும் முடியாது. விடுதியில் இருப்பவர், பிஜியில் இருப்பவர், மாமா வீட்டில் தங்கிப் படிப்பவர், நாலு பேராகச் சேர்ந்து வாடகை வீடு எடுத்தவர் என்று இவர்கள் சிதறிக்கிடக்கிறார்கள். இதில் விடுதியில் இருப்பவர்கள்தான் சுலபமாகக் கையில் கிடைப்பார்கள். ஆகவே விடுதிக்குப் பணம் கட்ட முடிந்தவர்களின் கருத்து 'மாணவர்களின் கருத்து' என்று அச்சேறிவிடும். உறவினர் வீட்டில் தங்கியிருப்பவரின் கதை, அதுவும் பெண்ணாக இருந்தால், முற்றிலும் வேறு. அவர் எந்த வாட்ஸ்ஆப் குழுவிலும் இருக்கமாட்டார்.

அரசுப் புள்ளிவிவரங்களை எடுத்துக்கொள்ளலாமே என்பார்கள். எடுத்துக்கொள்ளலாம், எல்லை தெரிந்து. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-இல் இடம்பெயர்ந்த காரணத்துக்கு ஏழு கட்டங்கள் வைத்திருந்தது: வேலை, தொழில், கல்வி, திருமணம், பிறந்தவுடன் இடம் மாறியது, குடும்பத்தோடு மாறியது, பிற. ஒருவருக்கு ஒரு காரணம். நாட்டில் இடம்பெயர்ந்தவர்களாகக் கணக்கிடப்பட்ட 45 கோடிப் பேரில் கல்விக்கென்று வந்தவர்கள் சுமார் ஒரு விழுக்காடுதான். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, மாணவர் இடப்பெயர்வு அற்பமானது என்று ஒரு குழுவும், கணக்கெடுப்பே தவறு என்று இன்னொரு குழுவும் எழுதுவதுண்டு. இரண்டும் அவசரம். இடம்பெயர்ந்தவர்களில் பெரும்பங்கு திருமணமாகிப் போன பெண்கள். அந்தக் கடலில் எதைப் போட்டாலும் சிறியதாகத்தான் தெரியும். அண்ணனின் படிப்புக்காகக் குடும்பமே தாம்பரத்துக்கு வந்தால், தங்கை 'குடும்பத்தோடு' என்ற கட்டத்தில் விழுவாள்; அவளும் அங்கேதான் கல்லூரி முடிப்பாள். ஒற்றைக் காரணம் கேட்கும் எந்தக் கேள்விக்கும் இந்தக் குறை உண்டு. நம்முடைய கூகுள் ஃபார்மும் அதே குறையைச் சிறிய அளவில் திரும்பச் செய்கிறது.

காரணம் என்பதே இந்தப் பொருளில் ஒரு வாக்கியத்தில் அடங்காது. வரிசையாக நடந்த பல முடிவுகளில் பரவிக்கிடக்கும். பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப், யார் சொல்லி? முடிவு வந்த வாரம் வீட்டில் என்ன பேச்சு? முதலில் எந்தக் கல்லூரியில் விண்ணப்பம் வாங்கினார்கள், எது கிடைக்கவில்லை? பணம் எங்கிருந்து வந்தது? யாருடைய அறையில் முதல் மாதம்? இவற்றை வரிசையாகக் கேட்டு எழுதினால், 'நல்ல கல்விக்காக' என்று ஃபார்மில் கட்டம் தொட்டவர், உண்மையில் திருச்சியில் கேட்ட பாடப்பிரிவு கிடைக்காததால் சென்னை வந்தவர் என்று தெரியவரும். இன்னொருவர் அக்காள் கணவர் ஆவடியில் இருப்பதால் வந்திருப்பார். அவர் விஷயத்தில் நகரம் இழுக்கவுமில்லை, ஊர் தள்ளவுமில்லை. ஓர் அறை இருந்தது, அவ்வளவுதான். பொறியியல் படிப்பவர்களிடம் கேட்பதானால் இன்னும் நல்ல சான்று ஒன்று உண்டு. பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் ஆன்லைனில் நடக்கிறது. அதற்கு முன்பு அப்பாவும் பிள்ளையும் பஸ் ஏறி கிண்டிக்கு வந்து, அண்ணா பல்கலைக்கழகத்தில் திரையைப் பார்த்து அங்கேயே முடிவெடுத்தார்கள். சென்னையைப் பார்த்ததே பலருக்கு அன்றுதான். இப்போது ஊரிலிருந்தே, பெரும்பாலும் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, கல்லூரிகளை விருப்ப வரிசைப்படி பதிவு செய்கிறார்கள். அந்த விருப்பப் பட்டியலின் பிரதி பலரிடம் போனிலேயே இருக்கும். அதை எடுத்துக் காட்டச் சொல்லி, 'முதலில் இருக்கும் ஐந்தும் யார் போட்டது, பக்கத்தில் யார் இருந்தார்கள்' என்று கேட்டால், ஐந்து கட்ட அளவுகோல் பத்து முறை கேட்டாலும் தராத பதில் கிடைக்கும். நினைவு தன் விருப்பப்படி கதையைத் திருத்திக்கொள்ளும் என்பது நேர்காணலுக்கு எதிரான நியாயமான ஆட்சேபம். அதற்கு மாற்று இந்த மாதிரி ஆவணம்தான்: விருப்பப் பட்டியல், முதல் பருவக் கட்டண ரசீது, ரயில் சீசன் டிக்கெட்.

பன்னிரண்டு பேரிடம் பேசிவிட்டு எல்லாரைப் பற்றியும் எப்படிச் சொல்லமுடியும் என்பது எக்ஸ்டர்னல் கேட்கும் முதல் கேள்வி. சொல்லமுடியாது, சொல்லவும் கூடாது. பன்னிரண்டு நேர்காணலில் 'எட்டுப் பேர், அதாவது 66.7 விழுக்காடு' என்று எழுதும் மாணவர் நேர்காணலைச் சர்வேயாக வேடமிடச் செய்கிறார். நேர்காணல் தருவது எந்தெந்த வழிகளில் ஒருவர் வந்து சேர்கிறார் என்பதன் வகைகளை. ஒவ்வொரு வகையும் எத்தனை பேருக்குப் பொருந்தும் என்பதை அது தராது. பன்னிரண்டு என்ற எண்ணுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களைத் திரும்பப் பார்த்து, முதல் பன்னிரண்டிலேயே பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டன என்று கண்டார்கள். அதை எடுத்துக்கொண்டு எல்லா ஆய்வேட்டிலும் பன்னிரண்டு என்று எழுதுகிறார்கள். அந்தப் பெண்கள் ஏறத்தாழ ஒரே வகையினர், அவர்களிடம் கேட்ட கேள்விகளும் ஒன்றே என்பதை விட்டுவிடுகிறார்கள். நம் குழு ஆண், பெண், கலைக் கல்லூரி, பொறியியல், விடுதி, உறவினர் வீடு எல்லாவற்றையும் பன்னிரண்டில் அடைக்கப் பார்த்தால் ஒரு வகைக்கு ஒருவர்தான் வருவார். ஆகவே கேள்வியைக் குறுக்கவேண்டும். கலை அறிவியல் கல்லூரிகளில் படிக்கும் அரியலூர் மாவட்டப் பெண்கள் மட்டும் என்று வைத்தால் பன்னிரண்டு போதுமான எண்ணாக ஆகும். போதுமா என்று அறிய ஒரு வழி: நேர்காணல் முடிந்த இரவே, இதற்கு முன் வராத புதிய விஷயம் என்ன வந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். கடைசி மூன்று தாள்களும் காலியாக இருந்தால் நிறுத்தலாம். பத்தாவது ஆளிடமும் புதுக் கதை வருகிறதென்றால் உங்கள் வட்டம் இன்னும் பெரிது.

நேர்காணல் சுலபம் என்று நினைத்து வருகிறவர்களுக்கு வேலைக் கணக்கையும் சொல்லிவிடவேண்டும். முக்கால் மணி நேரம் வீதம் பன்னிரண்டு என்றால் ஒன்பது மணி நேர ஒலிப்பதிவு. ஒரு மணி நேரப் பேச்சைத் தமிழில் வரி பிசகாமல் எழுத ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். மொத்தம் ஐம்பது மணி நேரம்; மூன்று பேருக்குப் பிரித்தால் தலைக்கு ஏறக்குறைய பதினேழு. பத்து வாரத்தில் இது முடியும், கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்காவிட்டால். எழுதிய பக்கத்தில் கேட்பவரின் வரிகள் சொல்பவரின் வரிகளைவிட அதிகமாக இருந்தால் அந்த நேர்காணல் கெட்டுவிட்டது என்று பொருள். இரண்டாவது நேர்காணலுக்குப் பிறகே இதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். விடுதி வரவேற்பறையில் வார்டன் காதுபட எடுத்ததும் அப்படியே. அங்கே எல்லாருக்கும் விடுதிச் சாப்பாடு பிடித்திருக்கும். முதலாண்டில் பதினெட்டு நிரம்பாதவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் பேசப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், அல்லது இரண்டாம் ஆண்டிலிருந்து தொடங்கலாம்.

சாதி, பணம், பாதுகாப்பு போன்ற விஷயங்களை முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள், பெயர் இல்லாத ஃபார்மில்தான் சொல்வார்கள் என்று ஓர் ஆட்சேபம் உண்டு. பாதி உண்மை. மாத வருமானத்தை ஃபார்மில் எழுதுவது எளிது. அது சரியாக இருக்காது என்றாலும் எழுதுவது எளிது. சாதிப் பிரிவையும் கட்டத்தில் தொட்டுவிடுவார்கள். ஆனால் அந்தக் கட்டத்திலிருந்து நமக்கு என்ன கிடைக்கிறது? எம்பிசி இத்தனை, எஸ்சி இத்தனை என்று ஓர் அட்டவணை. சாதி இந்த இடப்பெயர்வில் எங்கே வேலை செய்கிறது என்று அது சொல்லாது. 'வீடு தேடிப் போனபோது வீட்டுக்காரர் என்னவெல்லாம் கேட்டார்' என்று கேளுங்கள், வேறு எதுவும் கேட்கவேண்டாம். அசைவம் சமைப்பீர்களா என்பதில் தொடங்கி, சொந்த ஊரில் எந்தத் தெரு என்பதுவரை தானாக வரும். யாரையும் அவர் சாதியைச் சொல்லச் சொல்லாமலே, சாதி எப்படி அறைக்கதவில் நிற்கிறது என்று எழுதமுடியும். கேட்பவர் அதே ஊர்க்காரராக இருப்பது சில வேளை உதவும், சில வேளை வாயை அடைக்கும். குழுவில் மூவர் இருப்பதால் யாரிடம் யார் பேசுவது என்று மாற்றிப் பார்க்கலாம்.

இத்தனை சொன்ன பிறகும் சர்வேயைக் கைவிடச் சொல்லவில்லை. நகரத்தில் எண்ணாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். சென்னையில் நாம் சந்திப்பவர்கள் எல்லாரும் வந்து சேர்ந்தவர்கள். வராதவர், வந்து திரும்பியவர், திருச்சியோடு நின்றவர் அங்கே இருக்கமாட்டார். ஏன் வந்தார்கள் என்ற கேள்விக்கு வந்தவர்களை மட்டும் கேட்டு விடை காண்பது, ஜெயித்த வேட்பாளர்களிடம் மட்டும் தேர்தல் பற்றிக் கேட்பது போல. வராதவர்களும் அடங்கிய பட்டியல் ஓரிடத்தில் இருக்கிறது: ஊரில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில், பிளஸ் டூ வகுப்பின் பெயர்ப் பட்டியல். இரண்டு ஆண்டுகளுக்கு முன் முடித்த ஒரே ஒரு வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். செந்துறைப் பக்கத்தில் ஒரு பள்ளி, 46 பெயர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பெயருக்கும் ஆறு விவரம் மட்டும்: இப்போது என்ன செய்கிறார், எந்த ஊரில், எங்கே தங்கியிருக்கிறார், எந்தக் கல்லூரி, என்ன பாடம், எத்தனை நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு வருகிறார். வகுப்பாசிரியருக்குப் பாதி தெரியும், வகுப்புத் தோழர்களுக்கு மீதி தெரியும், தெரியாததற்குப் போன் செய்யலாம். இரண்டு வாரத்து வேலை. கருத்து கேட்கும் கேள்வி ஒன்றுகூட அதில் வேண்டாம்.

அந்த 46 பேர் இப்படிப் பிரிவதாக வைத்துக்கொள்வோம். ஏழு பேர் சென்னை. ஐந்து பேர் கோவை. ஒன்பது பேர் திருச்சி. எட்டுப் பேர் அரியலூர் அரசு கலைக் கல்லூரி. ஆறு பேர் பக்கத்திலேயே பாலிடெக்னிக், நர்சிங், ஐடிஐ. ஐந்து பேர் திருப்பூரிலோ சென்னையிலோ வேலை. இருவருக்குத் திருமணம். நால்வரைப் பற்றித் தகவல் இல்லை. திருச்சிக்குப் போகும் ஒன்பது பேரில் ஐந்து பேர் அரியலூரில் ரயில் ஏறித் தினமும் போய்த் திரும்புகிறார்கள் என்றால் அவர்களை இடம்பெயர்ந்தவர்களாக எண்ணுவதா? தேசிய மாதிரி ஆய்வு, தொடர்ந்து ஆறு மாதம் தங்கிய இடத்தையே ஒருவரின் வழக்கமான இருப்பிடமாகக் கொள்கிறது. அந்த அளவுகோலில் அவர்கள் இடம்பெயரவில்லை. ஆக, படிப்புக்காக ஊரைவிட்டவர்கள் 16 பேர். விவரம் தெரிந்த 42 பேரில் 16. இதில் மாதிரிப் பிழை கிடையாது, ஏனென்றால் மாதிரியே எடுக்கவில்லை; எல்லாரையும் எண்ணிவிட்டோம். தெரியாத நால்வரும் போயிருந்தால் 46-இல் 20, போகாமல் இருந்தால் 46-இல் 16 என்று எல்லையைக்கூட வெளிப்படையாக எழுதலாம். அறுபது பேர் ஃபார்மை வைத்து இப்படி ஒரு வாக்கியம் எழுதமுடியாது.

பட்டியல் கிடைத்ததும் நேர்காணல் யாரிடம் என்ற கேள்விக்கும் விடை வந்துவிடுகிறது. சென்னை வந்த ஏழு பேரில் ஐந்து பேர், திருச்சிக்குத் தினமும் போய்வருபவர்களில் மூவர், அரியலூரிலேயே படிப்பவர்களில் மூவர், படிப்பை விட்டு வேலைக்குப் போனவர் ஒருவர். மொத்தம் பன்னிரண்டு. ஒரே பள்ளி, ஒரே ஆண்டு, ஏறத்தாழ ஒரே மதிப்பெண், வெவ்வேறு முடிவு. போனவர் ஏன் போனார் என்பது, அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்து போகாதவரின் கதையோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் துலங்கும். இங்கே நான் முன்பு சொன்ன ஒரு விஷயத்தோடு உரசல் இருக்கிறது. வகைகள் கூடும்போது பன்னிரண்டு போதாது என்றேன். இப்போது நாலு வகையைப் பன்னிரண்டில் வைக்கிறேன். உண்மைதான். இந்த அமைப்பில் ஒவ்வொரு வகையும் முழுமையாகத் தெரிந்துவிட்டது என்று உரிமை கோரமுடியாது. ஒப்பீடு கிடைக்கும், நிறைவு கிடைக்காது. ஒரு பருவத்தில் இரண்டில் ஒன்றைத்தான் வாங்கமுடியும். 'ஏன்' என்ற கேள்விக்கு ஒப்பீடே அதிகம் பயன்படும் என்பது என் தீர்ப்பு.

இரண்டு முறையையும் கலந்து செய்தால் கலப்பு முறை என்று பெரிய பெயர் வைக்கலாமே என்று சில கைடுகள் ஊக்கப்படுத்துவார்கள். நான் சொன்னதும் கலவைதான். ஆனால் வழக்கமான கலவை வேறு மாதிரி: அறுபது பேர் ஃபார்ம் ஒருபக்கம், ஐந்து பேர் நேர்காணல் இன்னொருபக்கம், இரண்டுக்கும் தொடர்பே இருக்காது. நான்காம் அத்தியாயத்தில் அட்டவணை, அதன் கடைசியில் 'மேற்கண்ட முடிவை நேர்காணலும் உறுதிப்படுத்துகிறது' என்று ஒரு வரி. எண்ணிக்கை யாரிடம் பேசவேண்டும் என்று காட்டவேண்டும், அல்லது பேச்சு எதை எண்ணவேண்டும் என்று காட்டவேண்டும். இரண்டும் இல்லையென்றால் அது இரண்டு அரைகுறை ஆய்வு.

ஒரு பள்ளி அரியலூர் மாவட்டம் ஆகுமா என்று கேட்பார்கள். ஆகாது. தலைப்பிலேயே அந்தப் பள்ளியை, பெயர் சொல்லாமல், ஒரு பள்ளி என்று எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. தமிழ்நாட்டு மாணவர்கள் என்று தொடங்கி அறுபது பேரில் முடியும் தலைப்பைவிட, ஒரு பள்ளியின் ஒரு வகுப்பு என்று தொடங்கி 46 பேரில் முடியும் தலைப்பு அதிகம் தாங்கும். அட்டவணை இல்லையே, கை-ஸ்கொயர் இல்லையே என்று வைவாவில் கேட்டால், குலுக்கி எடுக்காத 46 பேரில் அந்தச் சோதனைக்கு இடமில்லை என்று மாணவர் சொல்லலாம். ஒரு மதிப்பெண் குறையலாம். சில எக்ஸ்டர்னல்கள் கூட்டித் தருவதும் உண்டு.

இதில் மாணவர்களால் தாங்களாகவே செய்துகொள்ளமுடியாதது ஒன்றே ஒன்று: பள்ளித் தலைமையாசிரியர் ஒரு வகுப்பின் பட்டியலை மூன்று கல்லூரி மாணவர்களிடம் சும்மா தரமாட்டார். துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். பெயர்கள் ஆய்வேட்டில் வராது, போன் எண்கள் குழுவைத் தாண்டிப் போகாது, ஆய்வு முடிந்ததும் பட்டியல் அழிக்கப்படும் என்று அதில் எழுதியிருக்கவேண்டும். கைடுகளாக இருப்பவர்கள் அந்தக் கடிதத்தைப் பருவத்தின் முதல் வாரத்திலேயே தயார்செய்து கொடுத்துவிடுங்கள். நாலாவது வாரத்தில் கொடுத்தால் அந்தக் குழு ஏற்கெனவே கூகுள் ஃபார்மைத் திறந்திருக்கும்.